சம்பந்தி வீட்டுக்குச் சீட்டு எடுத்த கதை

ஜாதகம் பார்ப்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. இரண்டு வீட்டாரும் கட்டத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறியது என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு ஜோசியர் சொன்னது திருப்தியாக இல்லையென்றால் இன்னொருவரிடம் போகலாம், அதையும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பெண்ணைப் பெற்ற அம்மாவின் மனதுக்குள் ஓடும் கேள்விகளில் பாதி அந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. அந்த வீட்டு மாமியார் எப்படி? நாத்தனார் தலையீடு இருக்குமா? வெளியில் தெரிகிற வசதி உண்மையா, கடனில் ஓடுகிறதா? இவற்றை வாய்விட்டுக் கேட்டால், “சம்பந்தம் பேசறப்பவே சந்தேகப்படறியா?” என்று வீட்டு ஆம்பளைகளே அடக்கிவிடுவார்கள். கேட்க முடியாத கேள்விகள்தான் ரகசியமாக வேறு வழி தேடுகின்றன. இப்போது அந்த வழி பெரும்பாலும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. யூடியூபில் ஒரு டாரட் வீடியோ, அதன் கீழே ஒரு எண், முன்பணம், குறித்த நேரத்தில் ஒரு அழைப்பு.

மதுரையில் எனக்கு மதனி முறையாகும் ஒருவர் அப்படித்தான் சீட்டு பார்த்தார். மகளுக்குத் திண்டுக்கல்லில் வரன் அமைந்து, ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து முடிந்து, நிச்சயத்துக்குத் தேதி குறிக்க வேண்டிய நேரம். அண்ணனுக்குத் தெரியாமல், மகளுக்கும் தெரியாமல், மதியம் வீட்டில் யாரும் இல்லாத வேளையில் எழுநூறு ரூபாய் கட்டி மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேட்டார். மூன்று சீட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகு மதனிக்குத் தூக்கம் போய்விட்டது. என்னிடம் ஒரு டாரட் கட்டு உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன் என்பது குடும்பத்தில் தெரியும் என்பதால், ஒருநாள் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். “தம்பி, இந்தச் சீட்டெல்லாம் நம்பலாமா?” அவர் சம்மதத்தோடு, ஊர் பேரைத் தவிர அடையாளம் எதுவும் இல்லாமல் அந்த விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று சீட்டுகள். டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டுகள். மரணம், கோபுரம், சூரியன் என்று தனித்தனிப் பெயர் கொண்டவை. மீதி 56-ம் நம் சாதாரணச் சீட்டுக்கட்டு போலவே நான்கு வகை: கோப்பை, வாள், தடி, நாணயம். இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் கட்டு 1909-ல் லண்டனில் வந்தது. ஆர்தர் வெய்ட் என்பவர் திட்டமிட, பமிலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் 78 படங்களையும் வரைந்தார். மதனிக்கு எடுத்த சீட்டும் அந்தக் கட்டுதான்; வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார்கள்.

முதல் சீட்டு நாணயம் ஐந்து. பனி கொட்டும் இரவில், கிழிந்த உடையோடு இருவர் நடந்துபோகிறார்கள். ஒருவர் கையில் ஊன்றுகோல். அவர்களுக்கு மேலே ஒளிவிடும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். இரண்டாவது வாள் ராணி. பக்கவாட்டில் திரும்பி அரியணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், வலது கையில் வாளை நேராக நிமிர்த்திப் பிடித்திருக்கிறாள். மூன்றாவது வாள் ஏழு. கூடாரங்களை விட்டு ஒருவன் பூனை நடை போட்டு நழுவுகிறான். ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு போகிறான், இரண்டு பின்னால் தரையில் குத்தி நிற்கின்றன.

படம் பார்த்தவுடனேயே கதை தோன்றும். பணக் கஷ்டம், கையில் கத்தி ஏந்திய மாமியார், எதையோ திருட்டுத்தனமாக மறைக்கும் ஒருவர். மதனியிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். அந்த வீட்டில் கடன் இருக்கிறது, மாமியார் துணையை இழந்தவர், வைராக்கியக்காரர், அவர் வைத்ததுதான் சட்டம், ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள், பையன் மட்டும் தங்கம். கடைசியில், இதற்கு ஒரு பரிகாரம் செய்துவிட்டால் பெண்ணுக்குப் பாதகம் வராது, அதற்கு ஒன்பதாயிரம் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மதனியை உலுக்கியது அந்த மாமியார் சமாச்சாரம். மாப்பிள்ளையின் அப்பா உண்மையிலேயே தவறிவிட்டவர். “அது எப்படித் தம்பி சீட்டுக்குத் தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி, அதற்குச் சரியான பதில் தரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நல்ல வேளையாக மதனியின் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி மகன் வைத்துக் கொடுத்திருந்தான். அந்தப் பதிவு அப்படியே இருந்தது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டோம். இடது பக்கம், சீட்டு சொன்னதாக மதனி நினைவில் வைத்திருந்தவை. வலது பக்கம், அதைப் பதிவில் முதலில் சொன்னது யார் என்பது. பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம்.

ஆரம்பத்திலேயே அந்தப் பெண் குரல் கேட்கிறது. “பையனோட அம்மா பேரு என்னம்மா? அப்பா பேரு?” மதனி பதில் சொல்கிறார். “அவரு தவறி ஆறு வருஷம் ஆச்சு. ஒரு அக்காவ கட்டிக் குடுத்தாச்சு. பையனும் அம்மாவுந்தான்.” சீட்டுக் கலைப்பதற்கு முன்பே சொன்ன பதில் இது. வாள் ராணி வந்தது அதற்கு நிறைய நேரம் கழித்து. மதனி பதிவை நிறுத்தச் சொன்னார். “நானா சொன்னேன்?” என்று இரண்டு தடவை கேட்டார்.

கடன் விஷயம் இன்னும் விவரமானது. நாணயம் ஐந்து விழுந்ததும் அந்தப் பெண் சொல்வது இதுதான்: “ஏதோ ஒரு பாரம் தெரியுதும்மா. பண விஷயமா இருக்கலாம், உடம்பு விஷயமா இருக்கலாம். அப்படி எதாவது கேள்விப்பட்டீங்களா?” மதனி சொல்கிறார், “சொந்த வீடுன்னாங்க. லோன் கீன் இருக்குமோன்னு எங்களுக்கே ஒரு இது.” உடனே பதில் வருகிறது: “அதாம்மா. அதத்தான் சீட்டு காட்டுது.” பணமா உடம்பா என்று இரண்டு கதவைத் திறந்து வைத்துக் கேட்கிறார். எந்தக் கதவு வழியாக வருவது என்பதை மதனிதான் முடிவு செய்கிறார். உடம்பு என்று சொல்லியிருந்தால் அந்த ஊன்றுகோல்காரர் நோயாளி ஆகியிருப்பார்.

நோட்டில் ஆறு விஷயம் எழுதியிருந்தோம். அப்பா இல்லாதது, கடன், அடிக்கடி வந்துபோகும் நாத்தனார், பையன் நல்ல மாதிரி என்பது ஆகிய நான்கும் முதலில் மதனி வாயிலிருந்து வந்தவை. மாமியார் வைராக்கியக்காரர் என்பது ஐந்தாவது. அது புத்தகத்தில் இருக்கும் அர்த்தம். வாள் ராணிக்கு வெய்ட் தன் நூலில் விதவை நிலை, துக்கம், பிரிவு என்றே பொருள் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில். அந்தப் பழைய அர்த்தம் திண்டுக்கல்லில் ஒரு அம்மாவின் தலையில் வந்து விழுந்தது. கணவனை இழந்த பெண்ணைச் சபையில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குச் சீட்டு ஒரு சாட்சியாகச் சேர்ந்தது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆறாவது, எதையோ மறைக்கிறார்கள் என்பது. இதைப் பற்றி ஒன்றுதான் சொல்ல முடியும்: இது பொய்யாகவே ஆக முடியாத வாக்கியம். எந்தக் குடும்பம் எதையும் மறைக்காமல் சம்பந்தம் பேசியிருக்கிறது? விசாரித்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்கூட, நன்றாக மறைத்துவிட்டார்கள் என்றாகிவிடும்.

அந்தப் பெண் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. சீட்டு பார்ப்பவர்களில் பலர் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறவர்கள்தான். ரே ஹைமன் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவராக இருந்தபோது செலவுக்குக் கைரேகை பார்த்துச் சம்பாதித்தார். வந்தவர்கள் எல்லாம் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அசந்துபோனதில் அவருக்கே ரேகையில் நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடை வித்தைக்காரர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: ரேகை காட்டுவதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார். ஹைமன் அப்படியே செய்தார். வந்தவர்கள் முன்போலவே அசந்துபோனார்கள். பொருத்தம் ரேகையில் இல்லை, கேட்கிறவர் மனதில்தான் நடக்கிறது என்று அவருக்கு அப்போது விளங்கியது. பின்னாளில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்.

பெர்ட்ரம் ஃபோரர் என்ற இன்னொரு உளவியல் பேராசிரியர் 1948-ல் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு குணநலச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவைத் தாளில் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலேகாலுக்கு மேல் வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலிருந்த வரிகள் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று. படித்த பிள்ளைகள், தங்களைப் பற்றித் தங்களுக்கே தெரிந்தவர்கள் இப்படி என்றால், இன்னும் பழகாத ஒரு குடும்பத்தைப் பற்றிக் கலங்கியிருக்கும் ஒரு அம்மாவை என்ன குறை சொல்வது?

சரி, சொன்ன வார்த்தைகளுக்கு விளக்கம் கிடைத்தது. அந்தச் சீட்டுகள் ஏன் வந்தன? 78-ல் மோசமான மூன்று எப்படி இவர்களுக்கென்று விழுந்தது? மதனி இதையும் கேட்டார். என் கட்டை எடுத்து இருவரும் உட்கார்ந்து, கல்யாணப் பேச்சில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் சீட்டுகளை மட்டும் தனியே பிரித்தோம். மரணம், சாத்தான், இடி விழுந்து ஆட்கள் தலைகீழாக விழும் கோபுரம். வாள் வகையில் மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. இதில் பத்தில் ஒருவன் முதுகில் பத்து வாள்கள் குத்தி நிற்கின்றன. கூடவே கோப்பை ஐந்து, நாணயம் ஐந்து, பாரம் சுமந்து குனிந்து நடக்கும் தடி பத்து. ஆகப் பன்னிரண்டு. வாள் ராணியைச் சேர்க்காமலே இத்தனை.

நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து மூன்று சீட்டு எடுத்தால், இந்தப் பன்னிரண்டில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 40. பத்துச் சீட்டு பரப்பி வைத்துப் பார்க்கும் முறை ஒன்று பிரபலம், அதில் நூற்றுக்கு 83. அதாவது பத்துச் சீட்டு முறையில் ஆறு குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், சுமார் ஐந்து குடும்பத்துக்கு ஏதாவது ஒரு பயங்கரம் விழுந்தே தீரும். அந்த ஆறும் எவ்வளவு நல்ல குடும்பமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மதனியை நான் கட்டைக் கலைக்கச் சொல்லி, அவர் பிறந்த வீட்டையே நினைத்து மூன்று எடுக்கச் சொன்னேன். வாள் ஒன்பது வந்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண். “எங்க வீட்டுக்கா?” என்றவர், பிறகு சீட்டை உள்ளே வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

டாரட்டுக்குப் பழைய எகிப்தின் ஞானம் என்று ஒரு பெருமை சொல்வார்கள். அது 1781-ல் பாரிசில் கூர் த ஜெப்லான் என்ற அறிஞர் எழுதிய ஊகம். எகிப்தின் சித்திர எழுத்தை யாராலும் படிக்க முடியாத காலத்தில் எழுதியது. 1822-ல் ஷாம்போலியோன் அந்த எழுத்தைப் படிக்க வழி கண்டபின், அதற்கு ஆதாரமாக ஒன்றும் கிடைக்கவில்லை. டாரட் உண்மையில் 15-ம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் பிரபுக்கள் வீட்டுச் சீட்டாட்டம். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய கட்டுகள் சில மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்துக்காகத் தீட்டப்பட்டவை. குறி சொல்லும் பழக்கம் பரவலாக அதில் ஏறியது சுமார் 350 வருஷம் கழித்துத்தான்.

இதையெல்லாம் கேட்டு மதனி தெளிந்துவிட்டார் என்று முடித்துவிடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை, சொல்லவேண்டியதும் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. இதற்கிடையில், தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் மூலம் திண்டுக்கல் வீட்டின் சர்வே எண்ணை வாங்கி, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருந்தார் மதனி. பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதற்கான பதிவு இருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. அதாவது கடன் இன்னும் ஓடுகிறது. “பாத்தியா தம்பி, சீட்டு சொன்னது சரியாத்தான இருக்கு?”

இந்த இடம்தான் உண்மையான சோதனை. சீட்டு சொன்னதில் ஒன்று பலித்துவிட்டது. பலித்ததை வைத்து மற்றதையும் நம்புவதுதான் மனித மனம். ஆனால் கடன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, மறைத்தார்களா என்பது வேறு கேள்வி. சொந்த வீடு கட்டியவர்களில் பலருக்கும் வீட்டின் மேல் கடன் இருக்கும். மதனியின் வீட்டிலும் இருந்தது, தவணை இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மறைத்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கேட்பது. அதுவரை இரண்டு பக்கமும் யாரும் அதைக் கேட்கவே இல்லை. தரகர் கொடுத்த தாளில் ‘சொந்த வீடு’ என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

இதற்குள் ரகசியம் தன் வேலையைச் செய்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா நிச்சயத் தேதி பற்றி மதனிக்குப் போன் செய்து, “நீங்களே நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க, எங்களுக்கு எதுன்னாலும் சரி” என்றிருக்கிறார். சாதாரண நேரத்தில் இதைவிட இணக்கமான வார்த்தை வேறு இல்லை. மதனி காதில் அது, எதையோ மூடி மறைக்க அவசரப்படுகிறார்கள் என்று விழுந்தது. சீட்டு பார்த்ததை யாரிடமாவது சொல்லியிருந்தால், “அவங்க தன்மையாத்தானே பேசியிருக்காங்க” என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருப்பார். தனியாகச் சுமந்ததால், அந்த அம்மா பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றாகிவிட்டது.

அதனால் மதனியிடம் ஒன்று செய்யச் சொன்னேன். சீட்டு கிளப்பிவிட்ட பயங்களைத் தூக்கிப் போட வேண்டாம். அவை மதனியின் சொந்தப் பயங்கள்; அந்த அழைப்புக்கு முன்பே இருந்தவை. ஒவ்வொரு பயத்தையும், பதில் ஆம் இல்லை என்று வரக்கூடிய கேள்வியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். ‘பணக் கஷ்டம்’ என்பது, வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, மாதத் தவணையை யார் கட்டுகிறார்கள் என்றானது. ‘மாமியார் சட்டம்’ என்பது, கல்யாணத்துக்குப் பிறகு பெண் எந்த ஊரில் இருப்பாள், வேலைக்குப் போவாளா, அவள் சம்பளம் யார் கையில் என்றானது. ‘மறைக்கிறார்கள்’ என்பதைக் கேள்வியாக்கவே முடியவில்லை. எதை மறைக்கிறார்கள் என்று மதனியால் சொல்ல முடிந்தவை இரண்டுதான்: ஏதாவது வழக்கு, பையனுடைய வேலை.

வழக்கை services.ecourts.gov.in தளத்தில் பார்த்தோம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், வருஷம் கொடுத்தால் தேடலாம். ஒன்றும் வரவில்லை. இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அப்பா பெயரை ஒத்துப்பார்க்காமல் எதையும் முடிவு கட்டக்கூடாது. பெயரை எழுதும் விதம் மாறினால் வழக்கு இருந்தும் கண்ணில் படாது. வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவான கடன்தான் அதில் தெரியும். கைமாற்று, வட்டிக்கு வாங்கியது, சீட்டுப் பணம் எதுவும் தெரியாது. ஆனால் இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. நாளைக்கு வேறொருவர் தேடினாலும் இதே பதில்தான் வரும். சீட்டை நாளைக்கு மறுபடி கலைத்தால் வேறு மூன்று வரும்.

மற்ற கேள்விகளை நேரில் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மதனி சொன்னார். அண்ணனுக்குச் சீட்டு பார்த்ததைவிட, தன்னிடம் சொல்லாததுதான் வருத்தம். “கேக்கணும்னா கேட்டுத் தொலைச்சிருக்கலாமே” என்றார். “நீங்க கேக்க விட்டீங்களா?” என்று மதனி திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மகளிடமும் சொன்னார்கள். வாழப்போகிறவள் அவள், அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

திண்டுக்கல் போனார்கள். மதனி கொஞ்சம் தயங்கித்தான் ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா, வீட்டுக் கடன் எதாவது இருக்கா? எங்களுக்கும் இருக்கு, அதான் கேக்கறேன்.” அந்த அம்மா உடனே எழுந்து உள்ளே போய், வங்கிக் கணக்குத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். கணவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன். எவ்வளவு பாக்கி, எந்த வருஷம் முடியும், அவருடைய குடும்ப ஓய்வூதியத்திலிருந்து எவ்வளவு போகிறது, மகன் எவ்வளவு போடுகிறான் என்று வரிசையாகச் சொன்னார். “தரகர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். சொல்லலையா?” என்றார்.

வேலை விஷயத்தை மகளே மாப்பிள்ளையிடம் பேசினாள். சம்பளச் சீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் போனிலேயே எடுத்துக் காட்டினார். அதில் மேலே இருந்த கம்பெனிப் பெயர், தரகர் தாளில் இருந்த பெயர் இல்லை. பெரிய கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார், ஆனால் ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலம், ஒப்பந்த அடிப்படையில். வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். அவர் ஒளிக்கவில்லை, தானாக வந்து சொல்லவும் இல்லை. “தாள்ல அப்படிப் போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். திருத்தியிருக்கணும்” என்றார்.

இப்போது அந்த மூன்று சீட்டுகளை மறுபடி யோசித்துப் பாருங்கள். சீட்டு பயமுறுத்திய இடத்தில் ஒரு அம்மா வெளிப்படையாக, கணக்கோடு நின்றார். ‘பையன் தங்கம், கவலையே வேண்டாம்’ என்று சமாதானம் சொன்ன இடத்தில்தான் பெண் வீடு தெரிந்துகொண்டே ஆகவேண்டிய தகவல் இருந்தது. ஒன்பதாயிரம் கட்டிப் பரிகாரம் செய்திருந்தால், அந்த நிம்மதியிலேயே சம்பளச் சீட்டைக் கேட்காமல் விட்டிருப்பார்கள். பயமுறுத்துவதைவிடப் பொய்யான ஆறுதல் அதிகம் கெடுதல் செய்யும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பெண் யோசித்து, தன் முடிவைத் தானே சொன்னாள். ஒப்பந்த வேலை தனக்குப் பிரச்சினை இல்லை. தன் வேலையை விடமாட்டேன், அதை இப்போதே இரண்டு வீடும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்தம் புதுப்பித்த பிறகு நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்படியே ஆனது. இப்போது சம்பந்திகள் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் தரகர் இல்லை.

சீட்டு பார்க்கும் ஆசை வருகிற அம்மாக்களை ஏளனமாகப் பேச எனக்கு மனமில்லை. விசாரிக்கும் உரிமையை அவர்கள் கையில் கொடுக்காதவர்கள், அவர்கள் கமுக்கமாகப் போய்க் கேட்டார்கள் என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. பெண் கொடுக்கும் வீட்டில் கடன், வேலை, இருப்பிடம், பெண்ணின் சம்பளம் பற்றி அம்மா வாய்திறந்து கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று குடும்பம் ஏற்றுக்கொண்டால், இந்த ரகசியத்துக்குத் தேவையே இருக்காது. அதையும் மீறிச் சீட்டு எடுத்துவிட்டால், அதில் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு நம்பலாம். இதை முதலில் சொன்னது அவர்களா, நானா? இது தப்பாக இருந்தால், தப்பு என்று எனக்கு எப்படித் தெரியவரும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத வாக்கியத்தை வைத்து ஒரு குடும்பத்தை ஒதுக்கவும் கூடாது, ஒரு பெண்ணைக் கொடுக்கவும் கூடாது.